ஒரு வரியில மோனை எத்தனை வேணும்? பூம்பாறை கும்மிப் பாட்டுக்கு நாங்க மூணு விதமா எழுதிப் பாத்தது

எங்க அக்கா பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, கொடைக்கானல் பக்கம் பூம்பாறைல இருக்காங்க, நான் கீழ பெருமாள்மலைல. ஊர்த் திருவிழாவுக்கு எட்டுப் பொண்ணுங்க சேர்ந்து கும்மி அடிக்கணும், பழைய பாட்டு வேணாம், நம்ம பூண்டுத் தோட்டத்தப் பத்திப் புதுசா எழுதலாம்னு முடிவு பண்ணி, எழுதுற வேலைய இவ தலைல கட்டிட்டாங்க. நாலு வரி எழுதி எனக்குப் போன்ல அனுப்புனா.

மலையில் மஞ்சு மண்ணை மறைக்கும்
மரத்தில் மழைத்துளி மணியாய் மயங்கும்
மாலையில் மைனா மரக்கிளை மறக்கும்
மனிதர் மனமும் மஞ்சாய் மாறும்

"சித்தி, பதினாறு சீர், பதினாறுலயும் மோனை, எப்படி இருக்கு?"ன்னு கேட்டா. முதல் வரி உண்மையாவே நல்லா இருந்துச்சு. ரெண்டாவது வரி பரவால்ல. மூணாவது வரிக்கு வர்றப்போ எனக்கு என்ன படிச்சோம்னே மனசுல நிக்கல. அந்த ஞாயித்துக்கிழமை மேல போனேன், ரெண்டு பேரும் அடுப்புப் பக்கத்துல உக்காந்து சாயங்காலம் வரைக்கும் இதத்தான் பேசுனோம். மோனைய எவ்வளவு போடறது, எங்க போடறதுன்னு யோசிக்கிற வேற யாருக்காவது உதவும்னு அத அப்படியே எழுதுறேன்.

மொதல்ல தெரியாதவங்களுக்கு. வரில வர்ற ஒவ்வொரு துண்டும் ஒரு சீர், சீரோட முதல் எழுத்து ஒத்து வந்தா மோனை, ரெண்டாவது எழுத்து ஒத்து வந்தா எதுகை. நாலு சீர் உள்ள வரில மோனை எந்தெந்தச் சீர்ல வருதுன்னு பாத்து ஏழு பேர் வெச்சிருக்காங்க, அமிதசாகரரோட யாப்பருங்கலக் காரிகைல இருக்கு. பேர மனப்பாடம் பண்றத விட ஒரே விஷயத்த ஏழு விதமாவும் சொல்லிப் பாத்தா காதுக்கே புரிஞ்சிடும், அதனால அவளோட முதல் வரியையே எடுத்துக் கலைச்சுக் கலைச்சு அடுக்குனோம்.

மலையில் மஞ்சு காலையில் இறங்கும். இதுல ஒண்ணும் ரெண்டும் ம, இது இணை.
மலையில் காலை மஞ்சு இறங்கும். ஒண்ணும் மூணும், இது பொழிப்பு.
மஞ்சு இறங்கித் தோட்டம் மறைக்கும். ஒண்ணும் நாலும், ஒரூஉ.
மலையில் மஞ்சு மண்ணில் இறங்கும். முதல் மூணு சீர், கூழை.
மலையில் இறங்கி மஞ்சு மறைக்கும். ரெண்டாவது மட்டும் இல்ல, மேற்கதுவாய்.
மலையில் மஞ்சு தோட்டம் மறைக்கும். மூணாவது மட்டும் இல்ல, கீழ்க்கதுவாய்.
மலையில் மஞ்சு மண்ணை மறைக்கும். நாலும் வந்தா முற்று.

இத வாயில சொல்லிப் பாருங்க, மனசுக்குள்ள படிச்சா தெரியாது. இணைல வரி ஆரம்பத்துலயே ஓடுது, அப்புறம் பின்பாதி சும்மா நடந்து வருது. ஒரூஉல முதல் ம கேட்டு, நடுவுல ரெண்டு சீர் வேற சத்தம் போயி, கடைசில ம வர்றப்போ மெதுவாப் படிக்கிறவங்களுக்கு அது ஒரு கதவு சாத்துற மாதிரி நல்லா இருக்கும், ஆனா வேகமாப் பாடுனா முதல்ல ம வந்துச்சுங்கிறதே காது மறந்துடும். பொழிப்புல ஒரு சீர் விட்டு ஒரு சீர், மலை... மஞ்சு... அப்படின்னு கால் எடுத்து வைக்கிற மாதிரி விழுது. இந்தப் பொண்ணுங்க கும்மில சீருக்கு ஒரு தட்டு, ஒண்ணாவது தட்டுலயும் மூணாவது தட்டுலயும் கால மாத்துறாங்க, அதனால அழுத்தம் தானாவே அந்த ரெண்டு எடத்துல விழுது. மோனையும் அங்கயே விழுந்தா வரி தள்ளிக்கிட்டுப் போகும். பொழிப்ப நம்மாளுங்க ரொம்ப விரும்புனதுக்கு இதுதான் காரணம்னு நான் நெனைக்கிறேன், வரி நடுவுல பிரியுற எடத்துல ரெண்டாவது பாதிய அது எழுப்பி விடுது. அறுசீர் விருத்தத்துல ஒண்ணுக்கும் நாலுக்கும், எண்சீர் விருத்தத்துல ஒண்ணுக்கும் அஞ்சுக்கும் மோனை வைக்கிறதும் இதே கணக்குதான், பாதி வரி எங்க தொடங்குதோ அங்க.

சரி, இப்ப எங்க முன்னாடி இருந்தது மூணு வழி. அவ எழுதுன மாதிரி எல்லா வரியும் முற்று. இல்லன்னா எல்லா வரியும் பொழிப்பு. இல்லன்னா ஒரே ஒரு வரி மட்டும் முற்று, மீதி பொழிப்பு. மோனையே இல்லாம எதுகைய மட்டும் வெச்சு எழுதுறது நாலாவதா ஒண்ணு, கும்மிக்கு அது சப்புன்னு இருக்கும்னு ரெண்டு பேருக்கும் தோணுனதால அத ஆரம்பத்துலயே விட்டுட்டோம்.

எல்லாமே முற்றுங்கிறத நான் உடனே வேணாம்னு சொல்லல, அவ அதுக்காகப் பட்ட பாடு எனக்குத் தெரியும், அதனால பக்கத்து வீட்டுப் பொண்ணுங்க ரெண்டு பேரக் கூப்பிட்டுப் பாடச் சொன்னோம். முதல் தடவை நல்ல வேகம், எல்லாருக்கும் சிரிப்பு, சந்தோஷம். ரெண்டாவது தடவை குரல் ஒரே மாதிரி ஆகிடுச்சு. மூணாவது தடவைல சின்னவ ரெண்டாவது வரிக்கு அப்புறம் நாலாவது வரிக்குத் தாவிட்டா, இன்னொருத்தி மூணாவது வரில நிக்கிறா. அது அவங்க தப்பில்ல. நாலு வரியும் ம-லதான் தொடங்குது, ஒவ்வொரு வரிக்குள்ளயும் ம-தான், அப்போ அடுத்து எந்த வரின்னு புடிச்சுக்க ஒரு கொக்கி கூட இல்ல. பாடறவங்க வரிய மாத்திப் பாடுனா மோனை ஜாஸ்தியாகிடுச்சுன்னு அர்த்தம், இத விடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியல.

அதுலயும் ம-ங்கிறது கொஞ்சம் விசேஷமான எழுத்து. உதடு மூடி, சத்தம் மூக்கு வழியா போகுது. க, த, ப எல்லாம் அடைச்சுத் திறக்குற எழுத்து, தொடக்கம் வெட்டுன மாதிரி கேக்கும், அதனால தட்டு கூடவே சேரும். ம-வ பதினாறு தடவை வரிசையா வெச்சா மூடின வாயில முனகுற மாதிரி ஒரு ரீங்காரம் வந்துடுது. தாலாட்டுக்கு அது வேணும், கும்மிக்கு வேணாம். ஒரே முற்றுமோனை க-ல இருந்தா ஒரு மாதிரி ஓடும், ம-ல இருந்தா வேற மாதிரி ஓடும், எத்தனை போடலாம்னு யோசிக்கிறப்போ எந்த எழுத்துன்னும் சேத்து யோசிக்கணும்.

அடுத்து அர்த்தம். "மழைத்துளி மணியாய் மயங்கும்"னு எழுதியிருக்கா, துளி எதுக்கு மயங்குது? மின்னும்னுதான் சொல்ல வந்தா, ஆனா ம-வும் மி-யும் நல்லா ஒட்டலன்னு மயங்கும்னு மாத்திட்டா. "மைனா மரக்கிளை மறக்கும்"ங்கிறதுக்கு அவளுக்கே பதில் இல்ல. நான் ஒரு சோதனை சொல்லிக் குடுத்தேன், சந்தேகப்படுற சீர எடுத்துட்டு எந்த எழுத்துல தொடங்குனாலும் சரின்னு மனசுல மொதல்ல வர்ற வார்த்தையப் போட்டுப் பாரு, அது அர்த்தத்துல நல்லா உக்காந்துச்சுன்னா முன்னாடி இருந்தது மோனைக்காக இழுத்துட்டு வந்த வார்த்தை. அப்படிப் பாத்ததுல பதினாறு சீர்ல ஆறு விழுந்துச்சு, அதுல மூணு, வரியோட கடைசிச் சீர். முற்றுமோனைல கடைசிச் சீர்தான் எப்பவும் அடி வாங்கும், ஏன்னா நம்ம பேச்சுல வினை கடைசில வரும், நெனைச்ச வினை நெனைச்ச எழுத்துல கெடைக்காது.

ஆனா முதல் வரி எல்லா சோதனையும் தாண்டிடுச்சு. மலையில் மஞ்சு மண்ணை மறைக்கும், இதுல எத எடுத்தாலும் அர்த்தம் கொறையுது. அப்ப முற்று கெட்டதில்ல, தொடர்ந்து வர்ற முற்றுதான் பிரச்சன. இதுக்குக் குறள்லயே உதாரணம் இருக்கு, எல்லாருக்கும் மனப்பாடமான குறள், ஆனா இந்தக் கண்ணுல பாக்க மாட்டோம். "கற்க கசடறக் கற்பவை கற்றபின்", நாலு சீரும் க, முழு முற்று. அடுத்த வரி "நிற்க அதற்குத் தக", மூணு சீர், மூணும் வேற வேற எழுத்து, மோனையே கெடையாது. கற்க நிற்கன்னு எதுகை மட்டும் ரெண்டு வரியையும் புடிச்சுக்கிட்டு நிக்குது. கத்துக்கிற வரைக்கும் அடுக்கி அடுக்கிச் சொல்லிட்டு, நில்லுன்னு சொல்ற எடத்துல சத்தமும் நின்னுடுது. துப்பார்க்குன்னு தொடங்குற பன்னெண்டாவது குறள்ல ஆறு சீரு து, தூன்னே வந்து கடைசிச் சீரா "மழை"ன்னு வேற எழுத்துல விழும், அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அந்த ஆறும் வரிசைல நின்ன மாதிரி இருக்கும். இதச் சொன்னப்போ அவ முகம் மாறுனத நான் பாத்தேன், அது வரைக்கும் சித்தி கொறைக்கச் சொல்றாங்கன்னு நெனைச்சிட்டு இருந்தா.

அப்புறம் ரெண்டாவது வழி, எல்லாம் பொழிப்பு. இதுக்கு மொதல்ல செய்ய வேண்டியது வரித் தொடக்கத்துல ம-வ விடுறது. வரிக்கு வரி ஒட்டுறதுக்கு எதுகைய வெச்சுக்கலாம், வரிக்குள்ள ஒட்டுறதுக்கு மோனைய வெச்சுக்கலாம், ரெண்டு வேலையையும் மோனை தலைலயே போட வேணாம். மலைங்கிறதுக்கு எதுகை இலை, விலை, தலை. எல்லாத்துலயும் முதல் எழுத்து குறில், அதனால எதுகை சரியா நிக்கும் (மாலைன்னு போட்டா நிக்காது, நெடில் ஆகிடும்). இந்த நாலு வார்த்தையப் பாத்ததுமே பாட்டு தானா வந்துச்சு, ஏன்னா பூண்டுக்காரங்க வாழ்க்கைல இந்த நாலுமே இருக்கு.

மலையில் காலை மஞ்சு இறங்கும்
இலையில் நின்ற ஈரம் மின்னும்
விலையைக் கேட்டு வியாபாரி நிற்பார்
தலையில் மூட்டை தாங்கி நடப்போம்

ஒவ்வொரு வரிக்கும் தனித் தனி மோனை, ம, இ, வி, த. மைனாவும் மனமும் போயி பூண்டு மூட்டை வந்துடுச்சு. பாடிப் பாத்தாங்க, வரி மாறவே இல்ல, மலை இலை விலை தலைன்னு வரிசைய எதுகையே சொல்லிக் குடுத்துடுது. ஆனா ரெண்டு எடத்துல தடுக்குச்சு.

ஒண்ணு ரெண்டாவது வரி. அவங்க அம்மா, அதாவது எங்க அக்கா, உள்ளருந்து "என்னடி அது, இலைல என்ன வீரம்?"னு கேட்டாங்க. அப்பதான் எங்களுக்கே கேட்டுச்சு, நின்ற ஈரம்ங்கிறத சேத்துப் பாடுனா நின்றவீரம்னு ஆகுது, நடுவுல வ் வந்து உக்காந்துக்குது. ஈ-ங்கிற மோனையே காணாம போயி வீ ஆகிடுச்சு. உயிரெழுத்துல மோனை வைக்கிறவங்க எல்லாருக்கும் இந்த ஆபத்து இருக்கு, பேப்பர்ல இ, ஈன்னு அழகா நிக்கும், வாய்ல முன்னாடி இருக்குற சீரோட கடைசி எழுத்து அத முழுங்கிடும். தங்கும் ஈரம்னு மாத்துனோம், அதுவும் வேகத்துல தங்குமீரம்னு சேரும், ஆனா புதுசா வேற அர்த்தம் எதுவும் வரல, மூணாவது தட்டுக்கு முன்னாடி ஒரு சின்ன இடைவெளி விட்டா ஈ தெளிவா கேக்குது. முதல் வரில "மஞ்சு இறங்கும்" கூட மஞ்சிறங்கும்னு சேரும், ஆனா அங்க இ-ல மோனை இல்லாததால அர்த்தத்துக்கும் சத்தத்துக்கும் நஷ்டம் இல்ல.

இன்னொண்ணு வியாபாரி. மோனை சரிதான், வி-க்கு வி, ஆனா மத்த சீரெல்லாம் சின்னதா இருக்குறப்போ இது மட்டும் நீளம், ஒரு தட்டுக்குள்ள அடைக்க வாய் ஓடுது. மோனை விழுற சீர் எளிமையா இருக்கணும், அங்க தடுமாறுனா அழுத்தமே கலைஞ்சிடும். வடுகபட்டி சந்தைக்கு அனுப்புற பூண்ட விலை பேசுறவங்க விரல மடக்கிக் கணக்குப் போடுறத அவ சின்னதுலருந்து பாத்திருக்கா, அதனால "விலையைச் சொன்னால் விரலை மடிப்பார்"னு அவளே மாத்துனா. எனக்குப் பாட்டுலயே ரொம்பப் புடிச்ச வரி அதுதான், மோனை தேடப் போயி உண்மையான ஒரு காட்சி கெடைச்சது.

இந்த வழில ஒரு கொறை இருக்கு, அதையும் சொல்லிடறேன். நாலு வரிக்கு இது போதும். மொத்தப் பாட்டு பதினாறு வரி, பதினாறும் ஒண்ணு மூணு ஒண்ணு மூணுன்னே போனா அதுவும் செக்கு சுத்துற மாதிரி ஆகிடும். எழுத்து மாறுனாலும் எடம் மாறல, காது எடத்த வெச்சே அடுத்தது என்னன்னு யூகிச்சிடுது. எனக்கு எட்டு வரி தாண்டுறதுக்குள்ள அந்தச் சலிப்பு வந்துடுச்சு.

இங்கதான் மோனையோட பலத்தக் கூட்டிக் கொறைக்கிறது கை குடுத்துச்சு, இது பலருக்குத் தெரியாததால கொஞ்சம் நின்னு சொல்றேன். மோனைன்னா அதே எழுத்துதான் வரணும்னு இல்ல. அ, ஆ, ஐ, ஔ ஒரு கூட்டம். இ, ஈ, எ, ஏ ஒரு கூட்டம். உ, ஊ, ஒ, ஓ ஒரு கூட்டம். மெய்யோட சேந்தாலும் இதே கூட்டம்தான், மலைக்கு மாலை ஒட்டும், மைனா ஒட்டும், மேகம் அந்த அளவுக்கு ஒட்டாது, வருக்க மோனைன்னு கணக்குல சேத்தாலும் சத்தம் மெலிசாத்தான் இருக்கும். அது போக ச-வுக்கு த, ஞ-வுக்கு ந, ம-வுக்கு வ, இதெல்லாம் சொந்தக்கார எழுத்துங்க, ஒண்ணுக்கு ஒண்ணு மோனையா நிக்கும். அப்போ அதே எழுத்து வந்தா பலம் ஜாஸ்தி, குறிலுக்கு நெடில் வந்தா கொஞ்சம் கம்மி, சொந்தக்கார எழுத்து வந்தா இன்னும் கம்மி, கேக்குறவங்களுக்கு மோனைன்னு தெரியாமலே ஒரு பிடிப்பு மட்டும் இருக்கும். ரெண்டாவது சரணத்துல "சரிவில் நின்று தண்ணீர் பாய்ச்சி"ன்னு ஒரு வரி வெச்சோம், ச-வுக்கு த. அதுக்கு அடுத்து "மலையைப் பார்த்து வணங்கி நிற்போம்", ம-வுக்கு வ. எடம் அதே ஒண்ணு மூணுதான், ஆனா முந்தின சரணத்துக்கு அப்புறம் இது மூச்சு விட்ட மாதிரி இருந்துச்சு.

மஞ்சுங்கிற வார்த்தையப் பத்தியும் அப்பதான் பேச்சு வந்துச்சு. எங்க ஊர்ல யாரும் பேசறப்போ மஞ்சுன்னு சொல்றதில்ல, மேகம் எறங்கிடுச்சுன்னுதான் சொல்லுவோம். அப்போ "மலையில் காலை மேகம் இறங்கும்"னு வெச்சா உண்மையா இருக்கும், மோனை மெலியும். நான் மேகத்துக்கு ஓட்டுப் போட்டேன், அவ மஞ்சுக்கு. முதல் வரி பாட்டத் தூக்கி நிறுத்தணும், அங்க போயி மெலிசு பண்ணாதீங்க சித்தின்னா. யோசிச்சா அவ சொன்னதுதான் சரி, பாட்டுக்குள்ள மஞ்சு யாருக்கும் அந்நியமா கேக்காது. மேகத்த மூணாவது சரணத்துல வெச்சுக்கிட்டோம்.

மூணாவது வழிக்கு வந்தோம், ஒரு வரி மட்டும் முற்று. கேள்வி அது எந்த வரிங்கிறது. அவளுக்குக் கடைசி வரில வைக்கணும்னு ஆசை, உச்சத்துல முடியும்னு. "தலையில் தாங்கித் தடத்தில் தவழ்வோம்"னு எழுதுனா. நாலு சீரும் த. பாடறப்போ நல்லாவே ஏறுச்சு, ஆனா மூட்டைய தலைல வெச்சுக்கிட்டு யார் தவழுவாங்க? மூட்டைங்கிற வார்த்தையும் காணாம போயிடுச்சு, தலைல எதத் தாங்குறோம்னே தெரியல. நடப்போம்ங்கிற நேர் வார்த்தைய விட்டுக் குடுத்துத்தான் அந்த முற்று கெடைக்குதுன்னா அது வேணாம்னு அவளே அடிச்சுட்டா. முற்ற வைக்கிறதுக்கு எடம் அவ மொதல் நாளே எழுதுன வரிதான், அங்க எந்த வார்த்தையும் வளையல.

மலையில் மஞ்சு மண்ணை மறைக்கும்
இலையில் தங்கும் ஈரம் மின்னும்
விலையைச் சொன்னால் விரலை மடிப்பார்
தலையில் மூட்டை தாங்கி நடப்போம்

இதத்தான் எடுத்துக்கிட்டோம். முதல் வரில நாலு தட்டுலயும் ம விழுந்து எட்டுப் பேரும் ஒண்ணா ஏறுறாங்க, அடுத்த மூணு வரி ஒண்ணு மூணுன்னு நடக்குது. ஒவ்வொரு சரணத்துக்கும் முதல் வரி முற்றா இருக்கணும்னு நாங்க வெச்சுக்கல, நாலு சரணத்துல முதல்லயும் கடைசிலயும் மட்டும். நடுவுல ஒரு வரி மோனையே இல்லாம விட்டிருக்கோம், இறந்து போன தாத்தாவப் பத்தின வரி அது, அங்க தட்டையும் நிறுத்திட்டு வெறும் குரல்ல பாடறாங்க.

உங்க பாட்டு கும்மியா இல்லாம மேடைல தனியா படிக்கிற கவிதையா இருந்தா என் தேர்வு மாறும், அப்ப ஒரூஉ கூட நல்லா வேல செய்யும், கேக்குறவங்களுக்குக் காத்திருக்க நேரம் இருக்கு. கோஷம் மாதிரி ஒத்த வரின்னா முற்று தாராளமா வைங்க, அடுத்த வரியே இல்லாதப்போ சலிப்புக்கு எடமில்ல. ரெண்டு வரிக்கு மேல போறதா இருந்தா மட்டும் வேற ஆள விட்டு மூணு தடவை பாடச் சொல்லிக் கேளுங்க, எழுதுனவங்க வாய் தடுக்காது, அதுக்குப் பாட்டு முன்னாடியே தெரியும்.

திங்கக்கிழமை காலைல பஸ்ஸுக்கு நிக்கிறப்போ பூண்டு வயல் படிப்படியா கீழ எறங்குற எடத்துல மேகம் வந்து மூடிட்டு இருந்துச்சு, அவ ஸ்கூல் பைய மாட்டிக்கிட்டு ரெண்டாவது சரணத்துக்கு ஞ-வுக்கு ந வர்ற மாதிரி வார்த்தை இருக்கா சித்தின்னு கேட்டுக்கிட்டே நின்னா. ஞாயிறுக்கு நாற்றுன்னு சொன்னேன். பூண்டுக்கு ஏது சித்தி நாத்து, பல்லத்தான நடுவோம்னா.